மாம்பழமா, சக்கையா?

நெல்லையிலிருந்து மேற்படிப்புக்கு வந்த நான், கரமனையில் தங்கியிருக்கும் தெருவில் ஞாயிறுதோறும் ஏழு வயதுச் சிறுவர் 20 பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பெரியவர்க்குரிய புள்ளியியலின் முதற்பாடத்தை அவர்களிடந்தான் நான் நன்கு கற்றேன் என்றால் நண்பர்கள் நகைக்க வேண்டா.

"உனக்கு மிகவும் பிடித்த பழம் எது?" என்று எல்லோரையும் கேட்டுவர இருவரை ஏவினேன். மாம்பழம், சக்கை, ஏத்தன்பழம், அன்னாசி ஆகிய நான்கில் ஒருவர் ஒன்றைத்தான் சொல்லலாம். பலாவுக்கு இங்கே சக்கை என்று பெயர். விடைக்கு ஒரு கோடு. நான்கு கோடுகள் நின்றபின் ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் அது ஒரு கட்டு. கட்டுகளை ஐந்து ஐந்தாக எண்ணிவிடலாம்.

எண்ணினோம். வந்தது 19. "யாரையோ விட்டுட்டோம் அண்ணா!" என்று வகுப்பே கலங்கியது. கேட்கப் போகிறவர் தம்மையே மறப்பது வழக்கம். ஆனால் இவர்கள் தங்களையும் சேர்த்திருந்தனர். பிழை மாம்பழ வரிசையில் இருந்தது. ஐந்து கோடுகளை நிறுத்தி, ஆறாவதைக் குறுக்கே இழுத்துவிட்டார்கள். கட்டு என்றதும் அதை ஐந்தென்று எண்ணியதால் ஒரு பிள்ளை காணாமற் போயிற்று! தலைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டிராவிட்டால் இது வெளிப்பட்டிராது. திருத்தியபின் மாம்பழம் 7, ஏத்தன் 6, சக்கை 4, அன்னாசி 3, ஆக 20.

அடுத்துப் படம். ஒருவருக்கு ஒரு பழம் வரையச் சொன்னேன். மாம்பழத்தை ஒன்றரை அங்குலமாகவும், சக்கையை அதன் பெருமைக்கேற்ப மூன்று அங்குலமாகவும் வரைந்தார்கள். 7 மாம்பழங்கள் பத்தரை அங்குலத்தில் நின்றுவிட, 4 சக்கைகள் 12 அங்குலம் ஓடின. "சக்கைதானே ஜெயிச்சுது?" என்றான் ஒருவன். கண் நீளத்தைப் பார்க்கிறது, எண்ணுவதில்லை. 1925இல் வியன்னாவில் மக்களுக்கான புள்ளிவிவரக் காட்சிச்சாலை அமைத்த ஆட்டோ நியூராத் வகுத்த விதி இதற்கு மருந்து: மிகுதியைக் காட்டப் படத்தைப் பெரிதாக்காதே, ஒரே அளவுள்ள படங்களை மிகுதியாக வை. ஆகவே ஒரே அளவுச் சதுரத் தாள்களை வெட்டிக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பழம் வரையச் செய்து, இடப்பக்கம் ஒரே கோட்டில் தொடங்கி ஒட்டினோம். மாம்பழம் முந்தியது.

பிறகு வினாக்கள். "எது அதிகம்?" என்பதற்கு உடனே விடை வந்தது. "சக்கையைவிட மாம்பழம் எத்தனை அதிகம்?" என்றதற்குப் பலர் 7 என்றனர். 'அதிகம்' என்ற சொல் காதில் விழுந்ததும் பெரிய எண்ணையே சொல்லிவிடுகிறார்கள். ஒரு சக்கைக்கு நேரே ஒரு மாம்பழமாக விரலால் இணைக்கச் செய்தேன். துணையின்றி நின்றவை மூன்று. விடையை அவர்களே கண்டார்கள்.

இறுதியில், "எந்தப் பழம் அதிக இனிப்பு?" என்று கேட்டேன். "மாம்பழம்!" என்று பலர் கூவினர். ஒரு சிறுமி மட்டும் படத்தை உற்றுப் பார்த்து, "அது இதுல இல்லையே அண்ணா" என்றாள்.