‘சின்ன வேலைதானே சார்’ என்ற பிறகு எழுத வேண்டிய மெயில்

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ தயாரிப்பைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. இந்த ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் சாலையின் இரு பக்கமும் முளைத்தன. அந்தக் கம்பெனிகளுக்கு இயந்திரமும் ஃபிக்ஸ்சரும் செய்துகொடுப்பவர்கள் பெரும்பாலும் அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் இருக்கும் சிறு பட்டறைக்காரர்கள். இங்கே சொல்லப்போவது அவர்கள் விஷயம். பாதி இயந்திரம் நிற்கும்போது வாடிக்கையாளரின் இன்ஜினியர் வருவார், சுற்றிப் பார்ப்பார், டீ குடிப்பார், கிளம்பும்போது “இதையும் சேர்த்துப் பண்ணிடுங்க சார், சின்ன வேலைதானே” என்பார். அதற்குப் பிறகு எழுத வேண்டிய மெயிலைப் பற்றி நம்மிடையே சில நம்பிக்கைகள் உண்டு. அவற்றில் பாதி தப்பு.

நம்பிக்கை: “நாலு பேர் முன்னாடி சொன்னார். அதுவே போதும்.”

முழுப் பொய் என்று இதைத் தள்ள முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 70, இப்படிப்பட்ட ஆளுக்காகவே இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்கு நியாயமான முறையில் ஒரு வேலையைச் செய்கிறார், இலவசமாகச் செய்யும் எண்ணமில்லை, மற்றவர் அதன் பலனை அனுபவிக்கிறார் என்றால் ஈடு கொடுத்தாக வேண்டும். இதற்கு வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது பி.கே. மண்டல் வழக்கு. 1944-இல் வங்காளத்தின் ஆரம்பாக்கில் அரசு அதிகாரிகள் கேட்டதற்காக அந்த ஒப்பந்த நிறுவனம் சேமிப்புக் கிடங்குகளும் வேறு சில கட்டுமானங்களும் போட்டுக்கொடுத்தது. அரசு அவற்றைப் பயன்படுத்திக்கொண்டு, முறையான ஒப்பந்தம் இல்லையே என்று பணத்தை மறுத்தது. உச்ச நீதிமன்றம் பிரிவு 70-ஐக் காட்டி நிறுவனத்தின் பக்கம் நின்றது. தீர்ப்பு வந்தது 1961-இல்.

கட்டியது 1944, தீர்ப்பு 1961. பதினேழு ஆண்டு தாங்கும் பட்டறை இங்கே எத்தனை இருக்கிறது? பிரிவு 70-இல் சண்டை மூளும் இடம் “இலவசமாகச் செய்யும் எண்ணமில்லை” என்ற வரிதான். எதிர்த்தரப்பு முதலில் சொல்வது, “அதை இயந்திரத்தின் விலைக்குள்ளேயே செய்து தருவதாகத்தான் ஒப்புக்கொண்டார்கள்” என்பது. வேலையைத் தொடுவதற்கு முன் தொகையைக் குறித்து அனுப்பிய மெயில் ஒன்று இருந்தால் அந்த வாதத்துக்கு இடமே இல்லை.

மெயில் சட்டத்தின் முன் செல்லாது என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 10ஏ மின்னணு வழியில் முடிவான ஒப்பந்தத்தை ஏற்கிறது. 2010-இல் டிரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் வழக்கில், பாக்சைட் சரக்குக்காக நடந்த மெயில் பரிமாற்றமே ஒப்பந்தம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதோடு இந்தப் பேச்சு முடிந்தது.

நம்பிக்கை: “ஒன்பது நாள் வேலை என்றால் ஒன்பது நாள் தள்ளிப்போகும்.”

பட்டறைக்காரர் அதிகம் இழப்பது இந்த இடத்தில். கூடுதல் செலவையாவது கேட்டுவிடுகிறார்கள், கூடுதல் நாளைக் குறைத்துக் கேட்கிறார்கள். கணக்குக்காக ஒரு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம்.

அலுமினிய ஹவுசிங் ஒன்றில் காற்றடைத்து ஒழுகுகிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்ட் ஸ்டேஷன். பி.ஓ. மதிப்பு 18,40,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அனுப்ப வேண்டிய தேதி ஜூலை 24. ஜூலை 3-ஆம் தேதி அசெம்பிளி முடிந்து வயரிங் தொடங்கும் நிலை. அன்று வந்த இன்ஜினியர், “பி வகை ஹவுசிங்கும் இதிலேயே ஓடணும்” என்கிறார். பி வகையில் துளை இருக்கும் இடம் வேறு. ஆகவே அது உட்கார மாற்று நெஸ்ட் வேண்டும், அதன் துளையை அடைக்கும் சீலிங் பிளக் வேண்டும், எந்த வகை வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க சென்சார் வேண்டும், பி.எல்.சி. புரோகிராமிலும் திரையிலும் மாற்றம் வேண்டும்.

டிசைன் 30 மணி நேரம், மணிக்கு 700 வீதம் 21,000. நெஸ்ட், பிளக் செட் 92,000. சென்சார், வால்வு, கேபிள் 27,000. புரோகிராமும் ட்ரையலும் 40 மணி நேரம், மணிக்கு 900 வீதம் 36,000. ஏற்கெனவே மாட்டிய பேஸ் பிளேட்டைக் கழற்றிப் புதுத் துளை போட 14,000. மொத்தம் 1,90,000. கடைசியில் வரும் அந்த 14,000 பலர் கேட்க மறப்பது. மாற்றத்தை ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தால் அது சுழியம்.

இப்போது நாள். 70 மணி நேரம் என்றால் ஒன்பது நாள் என்று வாய் தானாகச் சொல்லும். ஆனால் அட்டவணையை விரித்துப் பாருங்கள். பழைய திட்டப்படி ஜூலை 7 மாலைக்குப் பிறகு மீதி இருந்தது வயரிங் 6 நாள், ட்ரையல் 5, வாடிக்கையாளர் பார்வை 2, பேக்கிங் 2. ஆக 15 வேலை நாள், ஞாயிறு நீங்கலாக எண்ணினால் ஜூலை 24. புதுத் திட்டத்தில் டிசைன் 4 நாள், அதற்கு வாடிக்கையாளர் ஒப்புதல் 2, மெஷினிங் 8, திரும்ப மாட்ட 3, இரண்டு வகைக்கும் ட்ரையல் 8, பார்வை 3, பேக்கிங் 2. ஆக 30 வேலை நாள். வயரிங் மெஷினிங்கோடு ஓடிவிடும், அதனால் தனியாக எண்ணவில்லை. ஆனால் நெஸ்டின் டிசைன் முடியாமல் பேஸ் பிளேட்டில் எங்கே துளை போடுவதென்று தெரியாது, பிளேட் திரும்பாமல் ஏ வகைக்கும் ட்ரையல் ஓட்ட முடியாது. 15 வேலை நாள் தள்ளி ஆகஸ்ட் 11-இல் போய் நிற்கிறது. ஆட்கள் கைவைத்து வேலை செய்யும் நேரமும் இயந்திரம் காத்திருக்கும் நேரமும் இரண்டு வேறு கணக்கு. மெயிலில் எழுத வேண்டியது இரண்டாவது.

எழுதாவிட்டால் என்ன? பி.ஓ.வில் தாமதத்துக்கு வாரம் 0.5 சதவீதம் பிடித்தம் என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட ஆர்டர்களில் அடிக்கடி காணும் வரி அது. ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 11 வரை 18 நாள், வாரத்தின் பகுதியையும் முழு வாரமாக எண்ணினால் 3 வாரம், 1.5 சதவீதம், அதாவது 27,600. அவர்கள் கேட்ட வேலையை அவர்களுக்காகச் செய்து, அதற்கு நாமே அபராதம் கட்டுகிறோம்.

ஆகவே மெயில் ஜூலை 4 அன்றே போக வேண்டும். ‘டு’ இடத்தில் பர்ச்சேஸ் அதிகாரி, ‘சிசி’யில் வேலையைக் கேட்ட இன்ஜினியர். அனுப்பும் முன் இன்ஜினியருக்கு ஒரு போன். தன் தலைக்கு மேல் புகார் போனதாக அவர் நினைத்தால் பி வகை மாதிரிப் பாகம் உங்கள் கைக்கு வரவே வராது. நடைமுறையில் ஆங்கிலத்தில் போகும் மெயில், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

> பொருள்: லீக் டெஸ்ட் ஸ்டேஷன், கூடுதல் வேலை சி.ஆர்.01, ஜூலை 7-க்குள் முடிவு தேவை
>
> ஐயா, ஜூலை 3 அன்று எங்கள் பட்டறையில் நடந்த பார்வையின்போது, பி வகை ஹவுசிங்கையும் இதே ஸ்டேஷனில் சோதிக்க வேண்டும் என்று உங்கள் குழு கேட்டது. ஒப்புக்கொண்ட டிராயிங்கிலும் பி.ஓ.விலும் ஏ வகை மட்டுமே உள்ளது.
>
> வழி 1: அனுப்பும் முன் இங்கேயே சேர்ப்பது. கூடுதல் தொகை 1,90,000, ஜி.எஸ்.டி. தனி. அனுப்பும் தேதி ஜூலை 24-லிருந்து ஆகஸ்ட் 11-க்கு மாறும்.
>
> வழி 2: ஏ வகைக்கான இயந்திரத்தை ஜூலை 24 அன்றே அனுப்பிவிட்டு, பி வகை கிட்டைப் பிறகு உங்கள் ஆலையில் பொருத்துவது. கூடுதல் தொகை 2,40,000, ஜி.எஸ்.டி. தனி. மூன்று நாள் ஸ்டேஷனை நிறுத்த வேண்டியிருக்கும்.
>
> வழி 1-க்குத் தேவை: பி.ஓ. திருத்தம், பி வகையின் 3டி டேட்டா, பத்து மாதிரிப் பாகங்கள். மூன்றும் ஜூலை 7 மாலைக்குள் கிடைத்தால் மேற்கண்ட தேதி பொருந்தும், தாமதமானால் அத்தனை நாளும் தேதி நகரும். பதில் வரும்வரை ஏ வகை வேலையைப் பழைய அட்டவணைப்படி தொடர்கிறோம். ஜூலை 14 அன்று வயரிங் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வழி 1 என்றால் பிரித்து மாட்டும் செலவு சேரும், புது மதிப்பீடு தருவோம்.

கோபமோ கெஞ்சலோ இல்லை, நீங்கள் கேட்டது தப்பு என்ற தொனியும் இல்லை. “பார்வையின்போது உங்கள் குழு கேட்டது” என்பதில் யார் பெயரும் மாட்டிக்கொள்ளவில்லை. நல்லுறவு கெடுமே என்று தயங்குபவர்களுக்கு என் பதில் வழி 2. தங்கள் லைன் தொடங்கும் தேதியை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று தவிக்கும் வாடிக்கையாளர் அதைப் பார்த்ததும் உங்களுக்கு நன்றி சொல்வார். விலை கூடுதல் என்றாலும் பல நேரம் அதையே எடுப்பார்.

நம்பிக்கை: “மூன்று நாளில் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எழுதிவிட்டால் போதும்.”

இந்த வரியைப் பலர் மெயிலின் கடைசியில் வழக்கமாகவே ஒட்டிவைக்கிறார்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. 1862-இல் இங்கிலாந்தில் ஒரு குதிரையை வைத்து இது முடிவானது. தன் சகோதரர் மகனின் குதிரையை வாங்க விரும்பிய ஒருவர், “உன்னிடமிருந்து மேற்கொண்டு பேச்சு வராவிட்டால் குதிரை என்னுடையதென்று எடுத்துக்கொள்வேன்” என்று எழுதினார். பதில் வரவில்லை. ஏலக்காரர் பிண்ட்லி தவறுதலாகக் குதிரையை விற்றுவிட, வாங்க நினைத்தவர் வழக்குப் போட்டுத் தோற்றார். கேட்பவர் தன்னிச்சையாக அடுத்தவரின் மௌனத்தைச் சம்மதமாக்கிவிட முடியாது என்பதே நீதிமன்றத்தின் நிலை. நம் ஊரிலும் கதை அதுவே.

மேலே உள்ள மெயிலில் மௌனத்துக்கு வேறு விளைவு வைத்திருப்பதைக் கவனியுங்கள். பதில் வராவிட்டால் பழைய வேலை தொடரும், தேதி நகரும், செலவு ஏறும். இவை யாருடைய சம்மதத்தையும் நம்பி நிற்கவில்லை. அதற்கு நாமும் அடக்கமாக இருக்க வேண்டும். பதில் வருமுன் ஆர்வத்தில் நெஸ்டுக்கு அலுமினியம் வெட்டிவிட்டால், நம் மெயிலை நாமே பொய்யாக்கினோம்.

நம்பிக்கை: “ஓகே என்று பதில் வந்துவிட்டது. பணம் வந்த மாதிரி.”

இன்ஜினியர் “ஓகே, ப்ளீஸ் ப்ரொசீட்” என்று எழுதுவார். அது நல்ல சான்று, ஆனால் காசாக மாறாது. பெரிய கம்பெனிகளின் அக்கவுன்ட்ஸில் பில்லை மூன்று பக்கம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்: பி.ஓ., பொருள் வந்ததற்கான பதிவு, நம் இன்வாய்ஸ். 18,40,000-க்கு பி.ஓ. இருக்கும்போது 20,30,000-க்கு இன்வாய்ஸ் போட்டால், அதிகப்படியான 1,90,000-க்கு பி.ஓ.வில் இடம் இல்லாததால் முழு பில்லே திரும்பும். ஓகே சொன்ன இன்ஜினியரிடம் போனால் “பர்ச்சேஸைக் கேளுங்க” என்பார். பர்ச்சேஸ், “எங்களுக்குத் தெரியவே தெரியாதே” என்பார்கள். பல பி.ஓ.க்களின் பின்பக்க நிபந்தனைகளில், பர்ச்சேஸின் எழுத்துபூர்வமான திருத்தம் இல்லாமல் எந்த மாற்றமும் செல்லாது என்ற வரியும் இருக்கும். இது நடக்கும்போது இயந்திரம் அவர்கள் ஆலையில் ஓடிக்கொண்டிருக்கும்.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தரச் சொல்லும் 2006-ஆம் ஆண்டு சட்டம் காப்பாற்றும் என்பது இதன் தொடர்ச்சியான நம்பிக்கை. ஒப்புக்கொண்ட பில் தாமதமானால் அது உதவும், வட்டியும் கேட்கலாம். வேலையை ஆர்டர் செய்தோமா என்பதையே அவர்கள் மறுத்தால், முதலில் அதை நிரூபிக்க வேண்டும்.

அதனால் திருத்தப்பட்ட பி.ஓ. கைக்கு வந்ததும் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். 1,90,000 தனி வரியாக ஏறியிருக்கிறதா என்பது ஒன்று. டெலிவரி தேதி ஆகஸ்ட் 11 ஆக மாறியிருக்கிறதா என்பது மற்றொன்று. தொகையை ஏற்றிவிட்டுத் தேதியை மாற்ற மறந்துவிடுவது பர்ச்சேஸில் சகஜம், தாமதப் பிடித்தத்தைக் கணக்கிடும் கணினிக்கோ அந்தத் தேதி ஒன்றுதான் தெரியும். மாறவில்லையென்றால் அதே மெயிலின் மேலேயே பதில் போட்டு அன்றே கேளுங்கள். அனுப்பும் நாளில் கேட்டால், தேதி மாற்ற மேலதிகாரி ஒப்புதல் வேண்டும், அவர் லீவில் இருக்கிறார் என்பார்கள்.