மங்கலச் சொல் எப்படி மங்குகிறது?

தகுதி வழக்கைக் கற்பிக்கும்போது இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றையும் எடுத்துக்காட்டோடு சொல்லி முடித்துவிடுகிறோம். 'செத்தார்' என்பதற்குப் பதில் 'இறைவனடி சேர்ந்தார்' என்பது மங்கலம். இங்கே மாணவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: 'இறந்தார்' என்பது நேரடிச் சொல்லா, மங்கலச் சொல்லா?

நேரடிச் சொல் என்றே பெரும்பாலோர் சொல்வர். அப்படியானால் 'இறந்தகாலம்' என்பதில் இறந்தது யார்? இறத்தல் என்பதன் பழைய பொருள் கடத்தல். கடந்துபோன காலமே இறந்தகாலம். எல்லையைக் கடந்ததே வரம்பு இறந்தது. சாவைக் குறிக்கும் நேரடிச் சொல் சாதல். அதைச் சொல்லத் தயங்கியே 'கடந்து சென்றார்' என்னும் பொருளில் 'இறந்தார்' என்றனர். நாளடைவில் கடத்தல் என்ற பொருள் மறைந்து, சாவு மட்டுமே நினைவுக்கு வந்தது. மறைக்க வந்த சொல்லே நேரடிச் சொல்லாகிவிட்டது. ஆகவே இன்று துக்கச் செய்தியில் 'இறந்தார்' என்று எழுதவும் தயங்கி, 'காலமானார்', 'மறைந்தார்', 'இயற்கை எய்தினார்' என்கிறோம்.

காரணம் எளியது. கூச்சமோ அச்சமோ சொல்லின் ஒலியில் இல்லை, பொருளில் இருக்கிறது. ஒரு சொல்லை அப்பொருளுக்கே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது அந்த உணர்வும் அதில் ஏறிவிடுகிறது. எல்லாச் சொல்லும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஆனால் பொருளின் மீது ஏளனம் இருந்தால் மாற்றம் விரைவாக நிகழும்.

நம் பள்ளியிலேயே இதைக் காணலாம். 'மக்கு' என்பது புண்படுத்துகிறது என்று 'பின்தங்கிய மாணவர்' என்றோம். பிறகு 'மெல்லக் கற்போர்' என்றோம். நல்ல நோக்கத்தோடு வந்த பெயர்தான். ஆனால் "மெல்லக் கற்போர் மட்டும் எழுந்து இந்தப் பக்கம் வாங்க" என்று நாள்தோறும் அழைத்தால், ஓர் ஆண்டுக்குள் மாணவர்கள் அதையே கேலிப் பெயராக்கிவிடுவர். அடுத்து வரும் பெயருக்கும் அதே கதிதான்.

இதனால் பெயர் மாற்றம் வீண் என்று ஆகாது. 'மாற்றுத்திறனாளி', 'திருநங்கை' போன்ற சொற்கள் பழைய இழிசொற்களைப் பொதுவழக்கிலிருந்து விலக்கின. பார்வை மாறாமல் பெயர் மட்டும் மாறினால் பயன் நீடிக்காது என்பதே செய்தி.

வகுப்பில் இதற்கு ஒரு வழி உண்டு. ஆளுக்குப் பெயர் வைக்காமல் தேவையைச் சொல்லலாம். "கடன் வாங்கிக் கழித்தலில் பயிற்சி வேண்டியவர்கள் வாங்க" என்றால், அழைக்கப்படும் குழு கணக்குக்குக் கணக்கு மாறும். கழித்தல் வந்ததும் அந்த அடையாளமும் போய்விடும்.

செயல்பாடு: கழிப்பறையைக் குறிக்கத் தாத்தா, பாட்டி, பெற்றோர், தாம் பயன்படுத்தும் சொற்களை மாணவர்கள் தலைமுறை வாரியாகத் தொகுக்கட்டும். எந்தச் சொல்லைச் சொல்ல இன்று கூசுகிறது, அது வந்தபோதும் அப்படித்தான் இருந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும்.