ரசீதோடு வைக்கும் கடிதம்: தொகை எப்படி வந்தது என்று தெரியட்டும்

பட்டாசு ஆலையில் தீக்காயம் பட்டவரைச் சிவகாசியிலிருந்து மேல்சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுண்டு. அங்கே சிகிச்சை இலவசம் என்றாலும் வண்டிக்கும், வெளியே வாங்கும் மருந்துக்கும் கைக்காசு கரைகிறது. அதைத் திரும்பக் கேட்டு வரும் கடிதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“என் கணவரின் சிகிச்சைக்கு 5,500 ரூபாய்க்கு மேல் செலவாகிவிட்டது. ரசீதுகள் இணைத்துள்ளேன். உதவவும்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ரசீதுகளைக் கூட்டினால் 3,730 தான் வருகிறது. மீதி எங்கே என்று தெரியாமல் தொகையை அனுமதிப்பவர் கோப்பை ஓரமாக வைத்துவிடுவார். அவர் கையில் இருப்பது பிறர் கொடுத்த அமானிதம். கணக்கு சேராமல் கையெழுத்துப் போட முடியாது.

அதே கடிதத்தை இப்படி மாற்றி எழுதுவோம்:

“கேட்கும் தொகை ரூ.3,410.
1. 3-ம் தேதி, மருந்து, கட்டுத்துணி: 1,840
2. 3-ம் தேதி, ரத்தப் பரிசோதனை: 650
3. 5-ம் தேதி, மருந்து: 1,120 (ரசீதில் 1,240, சோப்பு, பிஸ்கட் 120 கழித்தது)
4. 3-ம் தேதி, சிவகாசி – மதுரை வாடகைக் கார்: 1,800 (ரசீது இல்லை, செல்போனில் பணம் அனுப்பிய பதிவு உள்ளது)
மொத்தம் 5,410. முன்பணமாகப் பெற்றது 2,000. மீதி 3,410.
ரசீதில் ‘முகமது’, ஆதாரில் ‘முஹம்மது’. இருவரும் ஒருவரே.”

பட்டியலில் உள்ள வரிசை எண்ணையே ஒவ்வொரு ரசீதின் மூலையிலும் பேனாவால் எழுதி வட்டமிடுங்கள். மூன்றாம் வரியைப் படிப்பவர் மூன்றாம் தாளைப் புரட்டினால் போதும், தேட வேண்டியதில்லை.

ரசீதில் உள்ள தொகையும் கேட்கும் தொகையும் வேறுபட்டால், அந்த வரியிலேயே காரணம் சொல்லுங்கள். சோப்புக்கான 120 ரூபாயை நாமே கழித்துக் காட்டாவிட்டால், மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும். முன்பணத்தை மறைத்தாலும் அப்படித்தான். பழைய பதிவேட்டில் அது எப்படியும் தெரிந்துவிடும். ரசீது இல்லாத செலவை மற்றவற்றோடு கலக்காமல் ‘இல்லை’ என்றே எழுதி, வேறு என்ன ஆதாரம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அதை ஏற்பதும் மறுப்பதும் அனுமதிப்பவரின் முடிவு. மறுத்தாலும் மற்ற மூன்று வரிகள் நிற்கும்.

மருந்துக்கடையின் வழுவழுப்பான ரசீதில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்து, அசலோடு சேர்த்து வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்யாதீர்கள்; சூடு பட்டால் தாள் முழுவதும் கறுத்துவிடும்.

கொடுக்குமுன், கடிதத்தைப் பார்க்காமல் ரசீதுகளை மட்டும் வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். இந்தக் கணக்கில் அவருக்கு 3,730 வர வேண்டும். அதில் 120 கழித்து 1,800 கூட்டினால் 5,410.