உனக்குக் கை ஒழியிற நேரம், அவங்களுக்குத் தூக்க நேரம்

பிள்ளைங்களைத் தூங்க வெச்சு, அடுப்படியைத் துடைச்சு முடிச்சிட்டு, ராத்திரி பத்தரை மணிக்குப் புடவை போட்டோவை ஏத்துறியே, அந்த நேரத்தை யாரும்மா குறிச்சுக் கொடுத்தா? உனக்குக் கை ஒழியிற நேரம் அதுதான், எனக்குத் தெரியும். ஆனா அப்போ சிங்கப்பூர்ல நடு ராத்திரி 1 மணி. டொரன்டோல கோடைக்காலம்னா மதியம் 1 மணி, எல்லாரும் வேலையில இருப்பாங்க. அப்புறம் காலையில எழுந்து, "ரெண்டு லைக்தான் வந்திருக்கு, என் புடவை நல்லா இல்லையோ"ன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறே. புடவை மேல ஒரு குறையும் இல்லை. நேரத்தைத்தான் மாத்தணும். வா, உட்காரு.

நீ மதுரையில இருந்து சுங்குடிப் புடவை விக்கிறேன்னு வெச்சுப்போம். வாங்குறவங்க நம்ம ஊர், சிங்கப்பூர், துபாய், லண்டன், டொரன்டோன்னு சிதறிக் கிடக்காங்க.

1. ஃபாலோயர்ஸைப் பார்க்காதே, பில்லைப் பாரு

இன்ஸ்டாகிராம்ல இன்சைட்ஸ் பக்கம் போனா, உன் ஃபாலோயர்ஸ் எந்த நேரத்துல அதிகமா இருக்காங்கன்னு காட்டும். அதை அப்படியே நம்பிடாதே. எல்லா ஊரையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்த கணக்கு அது. முக்கால்வாசிப் பேர் நம்ம ஊரா இருந்தா, நம்ம ஊர் ராத்திரி நேரம்தான் உசந்து நிக்கும். பார்த்துட்டு மட்டும் போறவங்க எண்ணிக்கைக்குள்ள, மாசாமாசம் மூணு புடவை வாங்குற டொரன்டோ அக்கா மறைஞ்சு போயிடுவாங்க.

அதனால கடைசி மூணு மாச ஆர்டரை எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஊர் பேரை எழுது. அரை மணி நேர வேலை. எந்த ரெண்டு ஊர்ல இருந்து பணம் அதிகமா வருதோ, அந்த ரெண்டு ஊருக்குத்தான் முதல்ல நேரம் குறிக்கணும். எல்லா ஊருக்கும் தோதான ஒரே நேரம்னு தேடி அலையாதே.

2. காலை 6.30-ஐக் கெட்டியாப் பிடிச்சுக்கோ

மனக்கணக்குக்கு ஒரு சுருக்கு வழி சொல்றேன். நம்ம நேரத்தோட ரெண்டரை மணி கூட்டினா சிங்கப்பூர், மலேசியா நேரம். கோடையில டொரன்டோவும் நியூயார்க்கும் சிங்கப்பூருக்குச் சரியா 12 மணி நேரம் பின்னாடி. கடிகாரத்துல முள்ளு அதே இடத்துல நிக்கும், பகல் ராத்திரிதான் மாறும். ஆக ஒரு கணக்குப் போட்டா ரெண்டு ஊர் வந்துடும்.

இப்போ போட்டுப் பாரு. நம்ம காலை 6.30, சிங்கப்பூர்ல காலை 9. டொரன்டோல முந்தின நாள் ராத்திரி 9, சாப்பிட்டு முடிச்சு சோபாவுல போனோட உட்கார்ந்திருக்கிற நேரம். குளிர்காலத்துல அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னாடி வைப்பாங்க, அப்போ ராத்திரி 8. அதுவும் நல்ல நேரம்தான், நீ எதையும் மாத்த வேண்டாம்.

அதே மாதிரி நம்ம சாயங்காலம் 6.30, சிங்கப்பூர்ல ராத்திரி 9. துபாய் நமக்கு ஒண்ணரை மணி பின்னாடி, அங்கே 5 மணி.

கிழமையிலயும் ஏமாந்துடாதே. டொரன்டோவோட வெள்ளிக்கிழமை ராத்திரி நமக்குச் சனிக்கிழமை காலை. "வீக்கெண்டுக்குப் புதுசு"ன்னு வெள்ளி காலை போட்டா அவங்களுக்கு அது வியாழன் ராத்திரி. நம்ம திங்கட்கிழமை காலை அவங்க ஞாயிறு ராத்திரி, அதைச் சும்மா விட்டுடாதே.

3. லண்டனுக்காக முழிச்சிருக்காதே

லண்டன்காரங்க வேலை முடிஞ்சு வீடு வர்றப்போ நமக்கு ராத்திரி 11 ஆயிடும். கோடையில அங்கே 6.30, குளிர்ல 5.30. துபாய்க்கும் அப்போ ராத்திரி 9.30, ரெண்டு ஊருக்கும் சேர்த்து ஆகும். ஆனா நீ முழிச்சிருந்து போட வேண்டாம், மத்தியானமே ஷெட்யூல் பண்ணிட்டுத் தூங்கு. உன் போன் எந்த ஊர் நேரத்துல இருக்கோ அந்த நேரம்தான் கணக்கு, அதனால 11-ன்னே போடு. நீயாக் கழிச்சு லண்டன் நேரத்தைப் போட்டுடாதே.

4. பதில் சொல்ல ஆள் இல்லாதப்போ பாதித் தகவலோட போடாதே

நிறைய பேர் கோட்டை விடுறது இங்கேதான். நேரம் சரியாக் குறிச்சு, தூங்கும்போது போஸ்ட் போகும். கீழே "விலை?" "ஷிப்பிங் எவ்வளவு?" "ரவிக்கைத் துணி உண்டா?"ன்னு கேட்டுட்டு உட்கார்ந்திருப்பாங்க. எட்டு மணி நேரம் கழிச்சு நீ பதில் சொல்றப்போ அவங்க தூங்கியிருப்பாங்க, வாங்குற ஆசையும் ஆறியிருக்கும்.

ஷெட்யூல் பண்ற போஸ்ட்டுல விலை, நீளம், அந்தந்த நாட்டு அனுப்புற கூலி எல்லாம் முழுசா எழுது. வாட்ஸ்அப் பிசினஸ்ல, கடை மூடின நேரத்துக்குத் தானாப் போற பதிலை வெச்சிடு. அதுல "காலை 6 மணிக்குள் பதில் வரும்"னு எழுதறப்போ, எந்த ஊர் 6 மணின்னும் எழுதும்மா.

5. ஒத்தைப் புடவையை ஒரே நேரத்துல கொட்டாதே

ஸ்டோரியும் ஸ்டேட்டஸும் 24 மணி நேரம் நிக்கும். ரீல்ஸ் பல நாள் கழிச்சும் ஓடும். அதுக்கெல்லாம் நேரம் கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாத் தப்பில்லை. நேரம் கழுத்தைப் பிடிக்கிறது ரெண்டுல: லைவ், அப்புறம் "ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, முதல்ல கேட்டவங்களுக்கு"ன்னு போடுற புடவை.

பத்து புடவையையும் சாயங்காலம் 6.30-க்கே போட்டா, நம்ம ஊரும் சிங்கப்பூரும் எடுத்துட்டுப் போயிடும். டொரன்டோ அக்கா அப்போதான் காலை பஸ் பிடிக்க ஓடிட்டிருப்பாங்க. மூணு தடவை "விற்றது"ன்னு பார்த்தா நாலாவது தடவை வர மாட்டாங்க. அஞ்சு புடவை சாயங்காலம், அஞ்சு மறுநாள் காலைன்னு பிரிச்சுப் போடு. பிரிக்கிறதை முன்கூட்டியே சொல்லிடு, யாருக்கும் மனத்தாங்கல் வராது.

லைவுக்கு ஞாயிறு சாயங்காலம் 7 மணி. சிங்கப்பூர் ராத்திரி 9.30, துபாய் 5.30, கோடையில லண்டன் மதியம் 2.30, டொரன்டோ காலை 9.30. குளிர்ல கடைசி ரெண்டு ஊருக்கும் ஒரு மணி குறையும், அப்பவும் முழிச்சிருப்பாங்க. கலிஃபோர்னியாவுக்கு விடியக்காலை, சிட்னிக்கு நடு ராத்திரி. அவங்களுக்குப் பதிவை அனுப்பு, அவ்வளவுதான் முடியும்.

6. மார்ச் மாசம் கவனம்

நம்ம ஊர், சிங்கப்பூர், துபாய் மூணும் கடிகாரத்தைத் தொடாது. அமெரிக்காவும் டொரன்டோவும் மார்ச் இரண்டாவது ஞாயிறு முன்னாடி தள்ளும், லண்டன் மார்ச் கடைசி ஞாயிறுதான் தள்ளும். நடுவுல ரெண்டு மூணு வாரம் உன் பழைய கணக்கு அரைகுறையாத்தான் சரியா இருக்கும். திரும்பப் பின்னாடி வைக்கிறது லண்டன்ல அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவுலயும் டொரன்டோலயும் நவம்பர் முதல் ஞாயிறு. இந்த நாலு தேதியையும் காலண்டர்ல இப்பவே வட்டம் போடு.

"டொரன்டோ காலை 9.30 லைவ்"னு நீ அறிவிச்சிருந்தா, நவம்பர்ல அதுக்கு நம்ம நேரம் இரவு 8 ஆயிடும். நீ பழக்கத்துல 7-க்கே வந்து உட்கார்ந்தா அவங்க வர்றதுக்குள்ள பாதி முடிஞ்சிருக்கும். அறிவிப்புல இந்திய நேரத்தோட ஊர் பேரைப் போட்டு அவங்க நேரத்தையும் எழுது. "இன்று நள்ளிரவு வரை சலுகை"ன்னு மட்டும் எழுதாதே, யாரோட நள்ளிரவுன்னு சண்டை வரும்.

7. நாலு வாரம் மாத்தாதே

ரெண்டு நாள் போட்டுட்டு "சரிப்படலை"ன்னு ஓடாதே. அதே நேரம், அதே கிழமை, நாலு வாரம். போட்ட முதல் ஒரு மணி நேரத்துல எத்தனை பேர் விலை பேசினாங்க, எந்த ஊர்னு மட்டும் நோட்டுல குறி. காலை 6.30-க்கு டொரன்டோல இருந்து ஒரு குரலும் வரலைன்னா, அப்போ 7.30-க்குத் தள்ளிப் பாரு. காலை, சாயங்காலம் ரெண்டு நேரத்தையும் ஒரே வாரத்துல மாத்தினா எது பலிச்சதுன்னு உனக்கே தெரியாது.