குறிப்பெழுதுவது யார் முறை?

கட்டுமானத் தளங்களில் பொறியாளராகப் பணிபுரியும் நம் சகோதரிகளிடம் பேசும்போது ஒரு குறை அடிக்கடி காதில் விழுகிறது. "நாள் முழுக்க ஓடுகிறேன், செய்ததாக எதுவும் கணக்கில் இல்லை." கூட்டக் குறிப்பு எழுதுவது, பிரிவுபசாரத்துக்குப் பணம் வசூலிப்பது, கோப்புகளை அடுக்குவது ஆகியவை யாராவது செய்தாக வேண்டியவைதான். ஆனால் பதவி உயர்வு பேசும் நாளில் அவற்றை யாரும் கேட்பதில்லை.

அமெரிக்கப் பேராசிரியர் லிண்டா பாப்காக்கும் மூன்று சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் இத்தகைய வேலைக்குப் பெண்கள் ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுதலாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலோ, ஆண்களே முன்வந்தார்கள். ஆக, பெண் அங்கே இருந்தால் அவர் செய்வார் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். அவரும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்.

இனி ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு தளத்தில் நான்கு பொறியாளர்கள். அவர்களில் ஒருவர் பெண். கான்கிரீட் கியூப்களை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் சோதிப்பது அவர் பொறுப்பு. வாரக் கூட்டத்தில் அவர் குறிப்பெழுதிக்கொண்டிருக்க, சோதனை முடிவை வேறொருவர் வாசிக்கிறார். கேட்பவர் மனத்தில் வாசித்தவர் பெயரே நிற்கிறது.

அவர் முதலில் செய்ய வேண்டியது, ஒரு மாதம் நோட்டில் கணக்கு வைப்பது. குறிப்புக்கு வாரம் 2 மணி, கோப்புகளுக்கு ஒன்றரை மணி என்றால் மாதம் 14 மணி, கிட்டத்தட்ட இரண்டு வேலை நாள்.

அடுத்து, மேலாளரிடம் தனியே பேச வேண்டும். வெறுமனே மறுத்தால் 'ஒத்துழைக்காதவர்' என்ற பெயர் வரும். ஆகவே ஓர் ஏற்பாட்டோடு போக வேண்டும்: "சார், குறிப்பெழுதுவதை நால்வரும் வாரம் ஒருவராக முறை வைத்துக்கொள்வோம். இந்த வாரம் நானே எழுதுகிறேன். அடுத்த வாரத்திலிருந்து கியூப் முடிவுகளை நானே கூட்டத்தில் சொல்கிறேன்." முறைப் பட்டியல் சுவரில் ஒட்டப்பட வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டால் சில வாரங்களில் பேனா மீண்டும் அவர் கைக்கே வந்துவிடும்.

மூன்றாவது, துணை. ஒபாமா அதிபரான தொடக்கத்தில் வெள்ளை மாளிகையின் மூத்த உதவியாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்கள். அங்கிருந்த பெண்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் சொன்ன யோசனையை மற்றொருவர், சொன்னவர் பெயரோடு திரும்பச் சொல்வார். பிறகு அதை வேறு யாரும் தமதாக்கிக்கொள்ள முடியாது. தளத்தில் ஒரே பெண்ணாக இருப்பவர், நியாயம் பார்க்கும் சக ஊழியர் ஒருவரிடம் கூட்டத்துக்கு முன்பே இதைக் கேட்டு வைக்கலாம். அவர் யோசனைகளுக்கும் இவர் அவ்வாறே செய்ய வேண்டும்.

மேலாளர் மறுத்தால்? அந்த 14 மணி நேரத்தையாவது ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் தம் பணியாக எழுதிவிட வேண்டும். அதற்கும் அந்த நோட்டுதான் ஆதாரம்.