கட்டடம் வங்கி கைக்குப் போனால் கடை என்னாகும்?
டெக்சஸில் கடை வாடகைக்கு எடுப்பவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

டெக்சஸில் வணிக வளாகத்தில் கடை எடுப்பவர் வாடகை, பரப்பு, பார்க்கிங் எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ‘சபார்டினேஷன்’ என்ற தலைப்பில் வரும் பத்தியை மட்டும் படிக்காமல் புரட்டிவிடுவார். அந்தப் பத்தி சொல்வது இதுதான்: கட்டடத்தின் மேல் உரிமையாளர் வாங்கியிருக்கும் கடனுக்கும், இனி வாங்கப்போகும் கடனுக்கும் அடுத்த இடத்தில்தான் உங்கள் ஒப்பந்தம் நிற்கும்.

அடுத்த இடம் என்றால் என்ன என்பது ஏலத்தன்று தெரியும். பொதுவாக, கடனுக்கு முந்திய ஒப்பந்தம் ஏலத்துக்குப் பிறகும் நிலைக்கும். பிந்தியது ஏலத்தோடு முடிந்துபோகும். சபார்டினேஷன் பத்தி முந்தியதையும் பிந்தியதாக்கிவிடுகிறது. டெக்சஸில் பெரும்பாலும் இந்த ஏலத்துக்கு கோர்ட் வழக்கே தேவையில்லை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில், கவுண்டி குறித்த இடத்தில் நடக்கும். குறைந்தது 21 நாள் முன்பு அறிவிப்பு ஒட்டப்படும். கடன் வாங்கியவருக்குத் தபாலிலும் போகும். கடை நடத்துபவருக்கும் அனுப்ப வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை.

கற்பனையாக ஓர் உணவகத்தை எடுத்துக்கொள்வோம். 10 வருட ஒப்பந்தம், மாத வாடகை 6,000 டாலர், அட்வான்ஸ் 12,000. எக்ஸாஸ்ட் ஹூட், கிரீஸ் டிராப், பிளம்பிங் என்று உள்வேலைக்கு 1,50,000 டாலர் போட்டாயிற்று. அதில் 40,000-ஐக் கடை திறந்தபின் திருப்பித் தருவதாக உரிமையாளர் எழுதிக்கொடுத்திருக்கிறார். நான்காம் மாதம் கட்டடம் ஏலம் போகிறது. 40,000 இன்னும் வரவில்லை. எந்தப் பாதுகாப்பும் இல்லையென்றால் புதிய உரிமையாளர் இவரை வெளியேற்றலாம், அல்லது கூடுதல் வாடகைக்குப் புது ஒப்பந்தம் போடச் சொல்லலாம். ஹூட்டைக் கழற்றிக்கொண்டு போகவா முடியும்? என்ன கேட்டாலும் தலையாட்ட வேண்டிய நிலைதான்.

செய்ய வேண்டியவை

1. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடக் கடனுக்கான ‘டீட் ஆஃப் டிரஸ்ட்’ கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். கடன் கொடுத்தது யார், எப்போது என்பது அதில் தெரியும். யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

2. நான்-டிஸ்டர்பன்ஸ் உறுதியைக் கடன் கொடுத்தவரிடமே வாங்குங்கள். ஒப்பந்தத்தை நீங்கள் மீறாதவரை, ஏலம் நடந்தாலும் கடையைத் தொடவிடமாட்டோம் என்று வங்கி எழுதிக்கொடுப்பதே இது. சபார்டினேஷன், நான்-டிஸ்டர்பன்ஸ், அட்டார்ன்மென்ட் மூன்றும் சேர்ந்த பத்திரத்தை எஸ்.என்.டி.ஏ என்பார்கள். இப்போதிருக்கும் வங்கியின் கையெழுத்து, உதாரணமாக, 30 நாளுக்குள் வராவிட்டால் அட்வான்ஸைத் திரும்பப் பெற்று விலகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வரப்போகும் வங்கிகளுக்கு, ‘எஸ்.என்.டி.ஏ தந்தால்தான் எங்கள் ஒப்பந்தம் அவர்கள் கடனுக்கு அடுத்த இடத்துக்குப் போகும்’ என்று நிபந்தனை போடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்தான் இதைக் கேட்க உங்களுக்குப் பலம் உண்டு.

3. வங்கியின் விலக்குகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். கடையை விட்டுவைப்பதாகச் சொல்லும் அதே பத்திரம், பழைய உரிமையாளரின் பாக்கிகளுக்கு வங்கி பொறுப்பல்ல என்றும் சொல்லும். நம் உணவகக்காரர் கையில் எஸ்.என்.டி.ஏ இருந்தால் கடை தப்பிக்கும். ஆனால் வழக்கமான வாசகத்தில் அந்த 40,000 போய்விடும். அட்வான்ஸும் வங்கிக்கு வந்து சேராவிட்டால் திரும்பாது; வணிகக் கடைகளின் அட்வான்ஸ் பற்றிய டெக்சஸ் சட்டமும், ஏலத்தில் கட்டடத்தை எடுக்கும் கடன் கொடுத்தவருக்கு விலக்கு தருகிறது. உள்வேலைப் பணத்தைத் தருவது வங்கிக்குச் சிரமம் என்றால், அதை மாத வாடகையில் கழித்துக்கொள்ளும் உரிமையையாவது கேளுங்கள். 6,000 வாடகையில் பாதி பாதியாகக் கழித்தால் 40,000 தீரப் பதினான்கு மாதம் ஆகும். கூரை ஒழுகல்போல ஏலத்துக்குப் பிறகும் தொடரும் குறையைப் புதிய உரிமையாளர் சரிசெய்ய வேண்டும் என்பதையும் சேருங்கள். வங்கிகள் பல சமயம் இதற்கு ஒத்துக்கொள்ளும்.

4. கையெழுத்தானதை நோட்டரி வைத்துப் பதிவு செய்யுங்கள். கடன் ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுவது சகஜம். கவுண்டியில் பதிவான பத்திரத்தை, கேள்விப்படவில்லை என்று அடுத்தவர் தள்ள முடியாது.

5. ‘இனி வாடகையை எங்களுக்கே செலுத்துங்கள்’ என்று வங்கியின் கடிதம் வந்தால் அன்றே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இது ஏலத்துக்கு முன்பே வரக்கூடும். முறைப்படி வந்த கடிதத்துக்குப் பிறகும் பழைய உரிமையாளருக்கே கட்டினால், அதே மாத வாடகையை இரண்டாம் முறை கட்ட நேரலாம். வங்கிக்குக் கட்டியது வாடகை கட்டியதாகவே கணக்காகும் என்று உரிமையாளரிடம் முன்பே எழுதி வாங்கியிருந்தால் இந்த இழுபறி இருக்காது.

செய்யக்கூடாதவை

1. உரிமையாளரின் வாக்கை வங்கியின் வாக்காக எண்ணாதீர்கள். ‘உங்களை யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள்’ என்று அவர் ஒப்பந்தத்தில் எழுதினாலும், கையெழுத்திடாத வங்கியை அது கட்டாது. கட்டடம் கைவிட்டுப் போகும் நேரத்தில், அவர்மேல் வழக்கு போட்டு வசூலிக்கவும் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

2. அட்டார்ன்மென்ட்டை மட்டும் தனியாக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏலத்தில் வாங்குபவரை உரிமையாளராக ஏற்று வாடகை கட்டுவேன் என்பதே அட்டார்ன்மென்ட். எதிர்ப்பக்கம் நான்-டிஸ்டர்பன்ஸ் இல்லையென்றால் இது ஒருவழிப் பாதை: வாங்கியவர் விரும்பினால் நீங்கள் இருந்தே ஆக வேண்டும், விரும்பாவிட்டால் காலி செய்தாக வேண்டும்.

3. ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்கூட்டித் தராதீர்கள். பணமுடையில் இருக்கும் உரிமையாளர், ஆறு மாத வாடகையை மொத்தமாகத் தந்தால் கழிவு தருகிறேன் என்பார். எஸ்.என்.டி.ஏ-வின் வழக்கமான வாசகப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட முன்பணத்தை வங்கி கணக்கில் எடுக்காது. வங்கியின் ஒப்புதல் இல்லாமல் வாடகையைக் குறைத்தோ காலத்தை நீட்டித்தோ எழுதும் திருத்தங்களுக்கும் இதே கதிதான்.

4. எஸ்டாப்பல் சான்றிதழில் அவசரமாகக் கையெழுத்திடாதீர்கள். கட்டடத்தின் மேல் புதுக் கடன் வாங்கும்போது உங்களிடம் வரும் காகிதம் இது. ‘உரிமையாளர்மேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி அதில் இருக்கும். 40,000 பாக்கி இருக்கும்போது அதில் கையெழுத்திட்டால், பின்னால் அதைக் கேட்கும் வழியை நீங்களே அடைக்கிறீர்கள். பாக்கியைத் தொகையோடு எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

5. வீட்டு வாடகைச் சட்டத்தைக் கடைக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். ஏலம்போன வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு 90 நாள் அவகாசம் தரும் மத்திய சட்டம் 2009-இல் வந்து, 2018-இல் நிரந்தரமாயிற்று. அது குடியிருப்புக்கு மட்டும். கடைக்காரருக்கு வங்கி கையெழுத்திட்ட காகிதம்தான் பாதுகாப்பு. அதுவும் வாடகை பாக்கியில்லாதவரைதான் செல்லும். ஏலச் செய்தி கேட்டு வாடகையை நிறுத்தினால் அந்தப் பாதுகாப்பை நீங்களே இழப்பீர்கள்.