“மாசம் ஆயிரத்துல என்னங்க ஆகப்போகுது?”

சேலம், நாமக்கல் பக்கம் வட்டிக் கணக்கு தெரியாதவர்களைப் பார்ப்பது அரிது. லாரிக்கு ஃபைனான்ஸ், தறிக்குக் கடன், நகைக்கு அடகு, மாதாமாதம் ஏலச்சீட்டு என்று எல்லா வீட்டிலும் அந்தப் பேச்சு உண்டு. “ரெண்டு வட்டி” என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ஆனால் இந்தக் கணக்கறிவு பெரும்பாலும் கடன் பக்கத்தில்தான் கூர்மையாக இருக்கிறது. சேமிப்பு என்று வரும்போது அதே மனிதர்கள் நம்பும் சில விஷயங்கள் கணக்குக்கு நிற்பதில்லை.

நம்பிக்கை: மாதம் ஆயிரம் ரூபாயெல்லாம் ஒரு சேமிப்பா?

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவருக்கு வயது 25 என்று வைத்துக்கொள்வோம். அஞ்சலகத்தில் ஒரு பி.பி.எஃப். கணக்குத் தொடங்கி மாதம் 1,000 ரூபாய் கட்டுகிறார். 2020 ஏப்ரல் முதல் இந்தக் கணக்குக்கான வட்டி 7.1 சதவீதம். அதுவே கடைசிவரை நீடிப்பதாக இப்போதைக்குக் கொள்வோம்.

முதல் வருடம் 12,000 ரூபாய் கட்டுகிறார். ஏப்ரலில் கட்டிய ஆயிரத்துக்கு 12 மாத வட்டி கிடைக்கும், மார்ச்சில் கட்டியதற்கு ஒரு மாத வட்டிதான். எல்லாம் சேர்த்து மார்ச் 31 அன்று வரவு வைக்கப்படும் வட்டி சுமார் 461 ரூபாய். வருடம் முழுக்கக் கட்டியதற்கு இவ்வளவுதானா என்று சலிப்பு வருவது இங்கேதான். இரண்டாம் வருடம் அந்த 12,461 ரூபாய் முழுவதற்கும் முழு வருட வட்டி 885 ரூபாய், புதிதாகக் கட்டியதற்கு அதே 461 ரூபாய், ஆக மொத்தம் 1,346. இந்த 885 ரூபாய்க்குள் முப்பத்துச் சொச்சம் ரூபாய், போன வருட வட்டி ஈன்ற வட்டி. கூட்டு வட்டி என்பது அந்த முப்பத்துச் சொச்சம்தான். ஆரம்பத்தில் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேட வேண்டும்.

ஐந்து வருட முடிவில் கட்டியது 60,000 ரூபாய், கணக்கில் இருப்பது ஏறக்குறைய 71,800. பத்து வருட முடிவில் கட்டியது 1,20,000, இருப்பது 1,73,000. இதுவரை பிரமாதமாக ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவரோடு நான் சண்டை போட மாட்டேன். கவனிக்க வேண்டியது பதினோராவது வருடம். அந்த வருடம் வரவாகும் வட்டி சுமார் 12,740 ரூபாய். அவர் வருடம் முழுக்கக் கட்டும் 12,000 ரூபாயை வட்டி முதன்முதலாகத் தாண்டுவது அப்போதுதான். அதற்குப் பிறகு அவரைவிடக் கணக்கே அதிகமாகச் சேமிக்கிறது.

பதினைந்தாம் வருட முடிவில் 3,15,600 ரூபாய். இருபதாம் வருடத்தில் 5,16,500. இருபத்தைந்தாம் வருடம், அவருக்கு 50 வயது முடியும்போது, ஏறக்குறைய 8 லட்சம். மொத்தம் கட்டியது 3 லட்சம், மீதி 5 லட்சம் வட்டி. கடைசி ஒரு வருடத்தில் மட்டும் வரவான வட்டி 52,600 ரூபாய். முதல் ஐந்து வருடத்தில் கிடைத்த மொத்த வட்டியே 11,800 ரூபாய்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் ஆயிரம் என்பதும் மாறவில்லை, 7.1 என்பதும் மாறவில்லை.

நம்பிக்கை: முதல் சில வருடம் விட்டால் என்ன, அப்புறம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்

மேலே சொன்ன 8 லட்சத்தைப் பிரித்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். முதல் பத்து வருடத்தில் கட்டிய 1,20,000 ரூபாய், தன் வட்டியோடு 25-ஆம் வருடத்தில் 4,84,000 ஆகிறது. அடுத்த பதினைந்து வருடத்தில் கட்டிய 1,80,000 ரூபாய் 3,15,600தான் ஆகிறது. அறுபதாயிரம் கூடுதலாகக் கட்டியும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு. 35 வயதில் தொடங்குபவர் அதே 8 லட்சத்தை 50 வயதில் எட்ட வேண்டுமானால் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கட்ட வேண்டியிருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கத்தை அஞ்சலக ஆர்.டி.யில் பார்க்கலாம். ஆர்.டி. ஐந்து வருடத் திட்டம். 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதமாக உயர்ந்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். மாதம் ஆயிரம் கட்டினால் 60 மாதத்தில் 71,366 ரூபாய் கைக்கு வரும். வந்ததும் ஒரு வண்டி, ஒரு சீர், ஒரு காதுகுத்து என்று செலவாகிவிடும், மறுபடி முதல் மாதத்திலிருந்து புதிய ஆர்.டி. தொடங்கும். சேமிக்கும் பழக்கம் விடவில்லை என்ற நிம்மதியும் இருக்கும். இப்படி ஐந்து முறை, 25 வருடம் செய்தால் கைக்கு வந்த மொத்தம் 3,56,830 ரூபாய். வட்டியாகக் கிடைத்தது 57,000கூட இல்லை. கட்டியது அதே 3 லட்சம். வட்டி வீதத்தில் இருக்கும் 0.4 சதவீத வித்தியாசத்தால் வந்ததல்ல இந்தப் பள்ளம். கணக்கு ஒவ்வொரு முறையும் பதினோராவது வருடத்தைப் பார்க்காமலே செத்துப்போகிறது, அதுதான் காரணம்.

காதுகுத்துக்குப் பணம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். அதற்கென்று ஒரு ஆர்.டி. போடுவதில் தவறே இல்லை. செலவுக்கான சேமிப்பையும் வளர்வதற்கான சேமிப்பையும் ஒரே கணக்கில் வைப்பதுதான் சிக்கல்.

நம்பிக்கை: ரெண்டு வட்டிக்கு விட்டால் இதைவிட வேகமாக வளரும்

24 என்பது 7.1-ஐவிடப் பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு லட்சத்தைக் கைமாற்றாக விட்டவருக்கு மாதம் வருவது 2,000 ரூபாய். அது மளிகைக்கும் பால்காரருக்கும் போய்விடுகிறது. வட்டி அசலில் சேராதவரை அது தனிவட்டிதான், 25 வருடம் கழித்தும் அந்த ஒரு லட்சம் ஒரு லட்சமாகவே நிற்கும். அசலுக்குச் சமமான தொகை வட்டியாகத் திரும்பி வரவே 50 மாதம் ஆகும். நாற்பதாவது மாதம் கடன் வாங்கியவர் ஊரை விட்டுப் போய்விட்டால், வந்தது 80,000 ரூபாய்தான். அத்தனை மாதம் வட்டி என்று நினைத்து வாங்கியது தன் அசலையே தவணையில் திரும்ப வாங்கியதாக முடியும். அக்கம்பக்கத்தில் பலரும் இதைப் பெரிய அளவில் அனுபவித்தது 2012-இல், பெருந்துறையை மையமாகக் கொண்ட ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது. மாதம் தவறாமல் கைக்கு வந்த பணம்தான் அங்கேயும் நம்பிக்கையைக் கொடுத்தது.

ஏலச்சீட்டைப் பற்றியும் கேட்பார்கள். பதிவு பெற்ற சீட்டு மோசம் என்று சொல்ல மாட்டேன், திடீரென்று பெருந்தொகை வேண்டியவருக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஏலத்தில் தள்ளிய பணம் உறுப்பினர்களுக்குக் கழிவாகப் பிரிந்து, அந்த மாதத் தவணையைக் குறைத்துவிடுகிறது. லாபம் மாதாமாதம் சட்டைப் பைக்கே திரும்பிவிடுவதால் லாபத்தின் மேல் லாபம் ஏற இடமில்லை. கழிவுத் தொகையை எடுத்துத் தனியாகக் கட்டி வருபவர்கள் இருந்தால் அவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு.

கூட்டு வட்டி தவறாமல் வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. நகைக் கடனை அடைக்காமல், வட்டியையும் அசலில் சேர்த்து மாற்றி வைக்கும்போது அதே பெருக்கல்தான் எதிர்ப்பக்கம் நடக்கிறது. 7.1 சதவீதத்தில் பணம் இரட்டிப்பாகப் பத்து வருடம் ஆகும். வருடம் 24 சதவீதத்தில் கடன் இரட்டிப்பாக மூன்றேகால் வருடம் போதும். வீட்டில் அப்படி ஒரு கடன் இருக்கும்போது புதிதாகச் சேமிப்புக் கணக்குத் தொடங்குவதைவிட முதலில் அதை அடைப்பதே அதிக வட்டி தரும் சேமிப்பு.

நம்பிக்கை: ஐம்பது வயதில் எட்டு லட்சம், கவலை விட்டது

இது இந்தக் கணக்கை நம்புகிறவர்கள் செய்யும் தவறு, முகவர்கள் திருத்தாத தவறும்கூட. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், 25 வருடம் கழித்து வரும் 8 லட்சம் இன்றைய மதிப்பில் 1 லட்சத்து 86 ஆயிரம். கூட்டு வட்டி விலைவாசிக்கும் உண்டு. பணத்தின் உண்மையான வளர்ச்சி 7.1-க்கும் 6-க்கும் உள்ள அந்த ஒரு சதவீதம்தான்.

வட்டி 7.1-லேயே நிற்கும் என்பதற்கும் உறுதி கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மத்திய நிதி அமைச்சகம் அதை அறிவிக்கிறது. 1986 முதல் 2000 தொடக்கம்வரை இதே பி.பி.எஃப். 12 சதவீதம் கொடுத்தது. இனி ஏறலாம், இறங்கலாம். நம் கையில் இருப்பது கட்டும் தொகை மட்டுமே. கூலி ஏற ஏற மாதத் தொகையையும் வருடம் 5 சதவீதம் ஏற்றினால், அதாவது இரண்டாம் வருடம் 1,050, மூன்றாம் வருடம் சுமார் 1,100 என்று போனால், 25-ஆம் வருடம் தவணை 3,225 ரூபாயில் நிற்கும், கணக்கில் 12 லட்சத்து 87 ஆயிரம் இருக்கும்.

நம்பிக்கை: அஞ்சாம் தேதிக்குள் கட்டாவிட்டால் எல்லாம் வீண்

ஐந்தாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி என்பது உண்மை. ஆறாம் தேதி கட்டியதற்கு அந்த மாத வட்டி கிடையாது. ஆனால் 25 வருடமும் ஒவ்வொரு மாதமும் தாமதமாகவே கட்டினாலும் நம் உதாரணத்தில் இழப்பு சுமார் 4,500 ரூபாய்தான். சனிக்கிழமைக் கூலிக்காரர்கள் தேதிக்குப் பயந்து கணக்கே தொடங்காமல் இருக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு 500 ரூபாயாவது கட்டத் தவறினால்தான் கணக்கு முடங்கும், அதையும் வருடத்துக்கு 50 ரூபாய் அபராதத்தோடு பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்கலாம்.

உண்மையில் தவறக் கூடாத தேதி வேறு. பி.பி.எஃப். கணக்கின் காலம் 15 வருடம், அதன்பின் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். முதிர்ந்த ஒரு வருடத்துக்குள், தொடர்ந்து பணம் கட்ட விரும்புவதாக அஞ்சலகத்திலோ வங்கியிலோ விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பழைய இருப்புக்கு வட்டி வந்துகொண்டிருக்கும், ஆனால் அதன்பின் கட்டும் ஆயிரம் ஆயிரத்துக்கு ஒரு பைசா வட்டியும் ஏறாது.